'நூறு சதவீதத் தேர்ச்சி' என்றால் எத்தனை பேர்?

'12 ஆண்டு அனுபவம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை எல்லா போர்டு கணிதமும். குழந்தைகளுக்குப் பிடித்த எளிய முறை. நூறு சதவீதத் தேர்ச்சி.'

ஆன்லைன் டியூஷன் தளங்களில் ஆசிரியரைத் தேடும் பெற்றோர் இந்த மாதிரி புரொஃபைலைத்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறார்கள். புகைப்படத்தையும் கட்டணத்தையும் தள்ளிவிட்டால் அதில் மூன்று சேதிகள்தான் இருக்கும். என்ன பாடம் எடுக்கிறார், எப்படி எடுக்கிறார், அவரிடம் படித்த பிள்ளைகள் என்ன ஆனார்கள். இந்த மூன்றாவதுதான் பெற்றோரைப் பணம் கட்ட வைக்கிறது. ஆனால் மூன்றிலும் மிகக் குறைவாக விஷயம் சொல்வதும் அதுதான். அதனால் அதிலிருந்தே தொடங்குவோம். பேச்சு பொதுப்படையாகப் போய்விடாமல் இருக்க, தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணிதம் எடுக்கும் ஓர் ஆசிரியையின் புரொஃபைலை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். இவர் நான் உருவாக்கிக்கொண்ட ஒரு மாதிரிதான்.

முதலில் அந்த நூறு சதவீதம். 2025 பிளஸ் டூ பொதுத்தேர்வில் மாநில அளவில் தேர்ச்சி 95.03 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டு 94.56. அதாவது எழுதிய நூறு பேரில் ஏறக்குறைய 95 பேர் எல்லாப் பாடங்களிலும் தேறிவிடுகிறார்கள். இப்போது நம் ஆசிரியையிடம் 15 பேர் படித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். யாரையும் தேர்ந்தெடுக்காமல், மாநிலத்தில் கண்ணை மூடிக்கொண்டு 15 மாணவர்களைப் பொறுக்கி எடுத்தால், அந்த 15 பேருமே தேறிவிட எவ்வளவு வாய்ப்பு? 0.95-ஐ 15 தடவை தன்னாலேயே பெருக்கினால் 0.46 வரும். கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. பத்துப் பேர் என்றால் வாய்ப்பு 60 சதவீதம். கணிதம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் இன்னும் கூடும். சிறிய எண்ணிக்கையில் பிள்ளைகளை வைத்திருக்கும் டியூஷன் ஆசிரியர்களில் கணிசமானவர்கள், சிறப்பாக எதுவும் செய்யாமலேயே 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று உண்மையாகவே எழுதிக்கொள்ள முடியும். அதில் பொய் இல்லை. ஆனால் அது அவர் சொல்லிக்கொடுத்ததைப் பற்றி நமக்கு எதையும் தெரிவிப்பதில்லை.

அடுத்ததாக வருவது மதிப்பெண் உயர்வு. 'காலாண்டில் 38 எடுத்த மாணவர் பொதுத்தேர்வில் 62.' படித்தவுடன் 24 மதிப்பெண் ஏறியதாகத்தான் மனம் கணக்குப் போடும். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பிளஸ் டூ கணிதத்தில் எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு. ஒரு மதிப்பெண் வினாக்கள் 20. இரண்டு மதிப்பெண் வினாக்களில் ஏழு, மூன்று மதிப்பெண்ணில் ஏழு, ஐந்து மதிப்பெண்ணில் ஏழு எழுத வேண்டும். மீதி 10 மதிப்பெண் பள்ளியில் போடும் அகமதிப்பீடு. பள்ளியில் நடந்த காலாண்டுத் தேர்வு 90-க்கு மட்டும் நடந்திருந்தால், அந்த 38 என்பது 90-க்கு 38. பொதுத்தேர்வில் வந்த 62-இல் அகமதிப்பீட்டின் 10 அடங்கியிருந்தால், எழுதி வாங்கியது 52. ஆக உயர்வு 24 அல்ல, 14.

அந்த 14-உம் முழுக்க டியூஷனால் வந்ததா? பிள்ளையை டியூஷனில் எப்போது சேர்க்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். காலாண்டு மதிப்பெண் வந்து, வீட்டில் எல்லோரும் கலங்கிப்போன அந்த வாரத்தில். அதாவது பிள்ளையின் மதிப்பெண் எப்போதையும்விடக் கீழே கிடக்கும் நேரத்தில். அன்றைக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். படிக்காமல் விட்ட பாடத்திலிருந்தே இரண்டு ஐந்து மதிப்பெண் வினா வந்திருக்கலாம். அப்படி ஒரு மோசமான நாளுக்குப் பிறகு வரும் தேர்வில், யாரும் ஒன்றும் செய்யாவிட்டாலும் பெரும்பாலான பிள்ளைகள் தங்கள் வழக்கமான நிலைக்குத் திரும்பிவிடுவார்கள். புள்ளியியல் படித்தவர்கள் இதை நன்றாக அறிவார்கள். இதோடு, டிசம்பருக்குப் பிறகு பள்ளியிலேயே திருப்புதல் தேர்வுகள் வரிசையாக நடக்கும். அந்தப் பயிற்சிக்கும் ஒரு பங்கு உண்டு. ஆகவே '38-லிருந்து 62' என்ற ஒற்றை மாணவரின் கதை எவ்வளவு உண்மையாக இருந்தாலும், ஆசிரியையின் கைவண்ணம் அதில் எவ்வளவு என்று பிரித்தெடுக்க முடியாது.

பிரித்தெடுக்க வழியே இல்லையா என்றால், ஓரளவுக்கு இருக்கிறது. ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் சேர்ந்த எல்லோரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஆசிரியை இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

'சென்ற கல்வியாண்டில் பிளஸ் டூ கணிதத்துக்கு என்னிடம் 11 பேர் சேர்ந்தார்கள். இருவர் அரையாண்டுக்கு முன்பே நின்றுவிட்டார்கள். மற்ற ஒன்பது பேரின் காலாண்டு எழுத்துத் தேர்வையும் பொதுத்தேர்வின் எழுத்துப் பகுதியையும் 90-க்கு 90 ஒப்பிட்டால், மூவருக்கு 20-க்கு மேல் கூடியது. நால்வருக்கு 8 முதல் 15 வரை. ஒருவருக்கு மாற்றமில்லை. ஒருவருக்கு 5 குறைந்தது. மாற்றமில்லாதவர் வாரம் ஒரு வகுப்பு மட்டும் வந்தவர்.'

இதில் சென்டம் இல்லை, நூறு சதவீதம் இல்லை. ஆனாலும் இதைப் படிக்கும் பெற்றோருக்கு முந்தைய புரொஃபைல்களில் கிடைக்காத பல விவரங்கள் கிடைத்துவிடுகின்றன. எத்தனை பேரில் எத்தனை பேர் என்று தெரிகிறது. நடுவில் நின்றவர்கள் கணக்கிலிருந்து காணாமல் போகவில்லை. டியூஷன் கணக்குகளில் வழக்கமாக விட்டுப்போவது இவர்கள்தான். பிடிக்காமல் போனவர்களும், பலன் இல்லாமல் போனவர்களும் இவர்களில்தான் அதிகம் இருப்பார்கள். வாரம் ஒரு வகுப்பு போதுமா என்ற கேள்விக்குக்கூட இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. இப்படி எழுதும் ஆசிரியரை நான் தயங்காமல் நம்புவேன். குறைந்தவரையும் கணக்கில் சேர்த்த கை மற்ற எண்களையும் கூட்டி எழுதியிருக்காது.

மதிப்பெண் எங்கிருந்து ஏறியது என்பதும் முக்கியம். ஒரு மதிப்பெண் வினாக்கள் இருபதுக்கும் புத்தகத்தின் பின்பக்க வினாக்களை, பள்ளியில் 'புக் பேக்' என்பார்களே, அதை உருப்போட்டுத் தயாராகிறவர்கள் நிறைய. அதை மட்டும் விடாமல் பயிற்சி கொடுத்தாலே சரிந்து கிடந்த பிள்ளைக்குச் சில மதிப்பெண்கள் சட்டென்று கூடும். தேறினால் போதும் என்ற நிலையில் உள்ள பிள்ளைக்கு அது பெரிய உதவி. ஆனால் பொறியியல் படிக்கப் போகிற பிள்ளைக்கு ஐந்து மதிப்பெண் வினாக்களில் என்ன மாறியது என்று கேட்க வேண்டும். தொகையிடலும் வகைக்கெழுச் சமன்பாடும் புரிந்ததா என்பது அங்கேதான் தெரியும்.

சட்டம் இதில் எதுவரை வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13 அன்று கோச்சிங் துறையின் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. வெற்றி பெற்ற மாணவரின் பெயரையோ படத்தையோ போட வேண்டுமானால், அவர் வெற்றி பெற்ற பிறகு எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும்; அவர் எந்தப் பாடத்துக்குச் சேர்ந்தார், எவ்வளவு காலம் படித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறது அது. பாடத்துக்கான டியூஷனையும் கோச்சிங் என்றே அது வகைப்படுத்துகிறது. ஆனால் கோச்சிங் சென்டர் என்று அது வரையறுப்பது 50 பேருக்கு மேல் படிக்கும் இடத்தை. வீட்டிலிருந்து பத்துப் பதினைந்து பேருக்கு எடுக்கும் தனி ஆசிரியர் அந்த வரையறைக்குள் வருவதில்லை. ஆகவே அவருடைய புரொஃபைலில் உள்ள எண்ணைச் சரிபார்க்கும் வேலை பெற்றோர் தலையில்தான் விழுகிறது. இன்னொன்று: மாணவர்களின் மதிப்பெண் சான்றிதழைப் படம் பிடித்துப் புரொஃபைலில் போடுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பதிவெண்ணும் பிறந்த தேதியும் அதில் தெரிந்தால், முடிவு பார்க்கும் இணையப் பக்கத்தில் அந்த இரண்டையும் கொடுத்து யார் வேண்டுமானாலும் அந்தப் பிள்ளையின் எல்லாப் பாட மதிப்பெண்ணையும் பார்த்துவிடலாம். இதை மறைக்காமல் போட்டிருப்பவர் நாளை உங்கள் பிள்ளையின் தாளையும் அப்படித்தான் போடுவார்.

இனி, கற்பிக்கும் முறை. 'கான்செப்ட் புரியும்படி', 'குழந்தையின் வேகத்துக்கு ஏற்ப', 'ஃபிரெண்ட்லியாக' என்ற சொற்களை எல்லோரும் எழுதுகிறார்கள். யாரும் 'புரியாதபடி எடுப்பேன்' என்று எழுதப்போவதில்லை. அதனால் இந்தச் சொற்களை வைத்து இரண்டு ஆசிரியர்களை வேறுபடுத்த முடியாது. முறை என்பது வகுப்பில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பிளஸ் டூ கணிதத்தில் நேர்மாறு முக்கோணவியல் சார்புகள் நான்காவது பாடம். அதில் sin⁻¹(sin 5π/6) என்ன என்று ஒரு கேள்வி. பையன் உடனே 5π/6 என்று எழுதுகிறான். சைனும் நேர்மாறு சைனும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்பது அவன் கணக்கு. விடை தப்பு. சரியான விடை π/6.

ஒரு ஆசிரியர் "தப்பு, π/6 வரும்" என்று சொல்லித் திரையில் தானே முழுவதையும் போட்டுக் காட்டுகிறார். பையன் பார்த்து எழுதிக்கொள்கிறான். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது.

நம் ஆசிரியை என்ன செய்கிறார்? "5π/6-ன்னா எத்தனை டிகிரிப்பா?" என்று கேட்கிறார்.

"150, மிஸ்."

"சரி. sin⁻¹-ஓட விடை எந்த எல்லைக்குள்ள இருக்கணும்?"

பையன் யோசிக்கிறான். நோட்டைப் புரட்டுகிறான். "மைனஸ் 90-லேருந்து 90 வரைக்கும் மிஸ்." ஒரு நொடி. "அப்ப 150 வராதே."

"வராது. அப்ப sin 150 எவ்வளவுன்னு போட்டுட்டு, மறுபடி வா."

அவன் 1/2 என்று போடுகிறான். அங்கிருந்து 30 டிகிரிக்கு, π/6-க்குத் தானாகவே வந்துவிடுகிறான். ஆசிரியை அத்தோடு விடவில்லை. cos⁻¹(cos 7π/6) கொடுக்கிறார். இங்கே எல்லை 0 முதல் 180 வரை. 7π/6 என்பது 210 டிகிரி; அதன் கொசைன் −√3/2. எல்லைக்குள் அந்த மதிப்பைத் தரும் கோணம் 150 டிகிரி, அதாவது 5π/6. சற்று முன் தப்பாக இருந்த அதே எண் இங்கே சரியான விடையாகிறது. எல்லையைப் புரிந்துகொண்ட பையன் இதில் தடுமாற மாட்டான். முந்தைய விடையை மனப்பாடம் செய்தவன் இங்கே தடுமாறுவான். புரிந்ததா இல்லையா என்று கேட்கத் தேவையே இல்லாமல் ஆசிரியைக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த வேறுபாடு ரசனை சார்ந்ததல்ல. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் கர்ட் வான்லேன், தனிப்பயிற்சி பற்றிய பல ஆய்வுகளை 2011-இல் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார். விடை சரியா தப்பா என்று மட்டும் சொல்லும் பயிற்சியைவிட, மாணவர் போடும் ஒவ்வொரு படியிலும் தலையிட்டு வழிகாட்டும் பயிற்சிக்குப் பலன் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. தனிப்பயிற்சி என்றாலே எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு பெஞ்சமின் ப்ளூம் 1984-இல் எழுதியது. தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதத்தினரைத் தாண்டினார் என்றது அது. வான்லேன் திரட்டிய ஆய்வுகளில் பலன் அவ்வளவு பெரிதாக வரவில்லை. ப்ளூமின் எண்ணைக் காட்டி ஒரு புரொஃபைல் உறுதி கொடுத்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆக முறை பற்றிய பகுதியில் இப்படி ஒரு வரி இருந்தால் போதும்: 'ஒரு மணி நேரத்தில் முதல் பத்து நிமிடம் போன வாரக் கணக்கு ஒன்றைப் புத்தகம் பார்க்காமல் போடச் சொல்வேன். பிறகு மாணவர் எழுதுவார், நான் பார்ப்பேன். தப்பு வந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பேன்.' இதை நீங்கள் டெமோ கிளாஸிலேயே சரிபார்க்கலாம். ஆன்லைனில் இதற்கு ஒரு வசதிக்குறைவு உண்டு: பிள்ளை நோட்டில் எழுதுவது ஆசிரியருக்குத் தெரியாது. பேனா டேப்லெட் வைத்து ஆசிரியர் எழுதுவதுதான் திரையில் அழகாக ஓடும். அக்கறையுள்ள ஆசிரியர்கள் இதற்கு ஏதாவது வழி செய்திருப்பார்கள். ஃபோன் கேமராவை நோட்டின் மேல் படும்படி வைக்கச் சொல்வார்கள், அல்லது ஒவ்வொரு கணக்கும் முடிந்தவுடன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்வார்கள். பிள்ளையின் கையெழுத்தை எப்படிப் பார்க்கிறார் என்று புரொஃபைலில் ஒரு சொல்கூட இல்லையென்றால், அதுவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பாடம் பற்றிய பகுதியில் நீளம் தேவையில்லை, குறுக்கம்தான் தேவை. 'எல்லா போர்டும்' என்று எழுதுகிறவரிடம் ஒரு விஷயம் கேளுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் கலப்பு எண்கள் பிளஸ் டூவில் வருகிறது. சிபிஎஸ்இயில் அது பிளஸ் ஒன்னிலேயே முடிந்துவிடும். சிபிஎஸ்இ பிளஸ் டூவில் உள்ள நேரியல் திட்டமிடல் மாநிலப் பிளஸ் டூ கணிதத்தில் இல்லை. காமர்ஸ் பிள்ளைகள் படிக்கும் வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் தனிப் பாடம், தனிப் புத்தகம். இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வினாத்தாள் அளவில் கையில் வைத்திருப்பது எளிதல்ல. எந்த போர்டு, எந்த வகுப்பு, தமிழ் வழியா ஆங்கில வழியா என்று மூன்றையும் சொல்லி, 'ஜேஇஇ எடுப்பதில்லை' என்று எடுக்காததையும் எழுதியிருக்கும் ஆசிரியரின் வரிக்கு அதிக மதிப்பு கொடுப்பேன். தமிழ் வழிப் பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். வகுப்பில் 'டிட்டர்மினன்ட்' என்றே ஆசிரியர் பேசி, வினாத்தாளில் 'அணிக்கோவை' என்று வந்தால், தெரிந்த கணக்கையே பிள்ளை விட்டுவிட்டு வரும்.

இவ்வளவு தெரிந்த ஆசிரியர்களும் ஏன் அந்த நூறு சதவீதத்தையே எழுதுகிறார்கள் என்று கேட்டால், பணம் போகும் வழியைப் பார்க்க வேண்டும். பல நாடுகளில் இயங்கும் ப்ரெப்லி தளத்தில் ஒவ்வொரு புதிய மாணவருக்கும் எடுக்கும் முதல் வகுப்பின் கட்டணம் முழுவதையும் தளமே எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு 33 சதவீதத்தில் தொடங்கி, ஆசிரியர் எடுத்த மணி நேரம் கூடக் கூட 18 சதவீதம் வரை கமிஷன் குறைகிறது. வேறு சில தளங்களில் மாணவரின் தொடர்பு எண்ணைப் பெறவே ஆசிரியர் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. முதல் வகுப்பில் அவர் கைக்கு எதுவும் வராதபோது, அந்த வகுப்பிலேயே உங்களைப் பிடித்துவைக்கும் கட்டாயம் அவருக்கு. நட்சத்திர மதிப்பீடுகளையும் இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். அவற்றில் நிறைய, பழகத் தொடங்கிய புதிதில், ஒரு தேர்வுகூட வராத நிலையில் போடப்படுபவை. ஆசிரியர் அன்பாகப் பேசினார், நேரத்துக்கு வந்தார் என்பதற்கு அவை நல்ல சாட்சி. மதிப்பெண்ணுக்கு அல்ல. 'அரையாண்டுக்குப் பிறகு எழுதுகிறேன்' என்று தொடங்கும் ஒரே ஒரு கருத்து, ஐந்து நட்சத்திரம் மட்டும் போட்ட இருபதைவிட உதவும்.

டெமோ கிளாஸுக்குப் பிள்ளையை வெறுங்கையோடு உட்கார வைக்காதீர்கள். திருத்திக் கொடுத்த காலாண்டு விடைத்தாளில் ஒரு ஐந்து மதிப்பெண் வினாவை எடுத்து, மதிப்பெண் போன அந்தப் பக்கத்தை ஆசிரியருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அறையின் மூலையில் உட்கார்ந்து கவனியுங்கள். அவர் சரியான விடையைப் போட்டுக் காட்டுகிறாரா, அல்லது பிள்ளை எந்த வரியில் வழி தவறியது என்று தேடுகிறாரா? கணிதம் தெரியாத பெற்றோருக்கும் இது புரியும். ஒரு மணி நேரத்தில் யாருடைய பேனா அதிகம் ஓடியது என்று பார்த்தால் போதும்.

புதிதாகத் தொடங்கும் ஆசிரியருக்குக் காட்ட முடிவுகள் எதுவும் இருக்காது. அவர்களில் நன்றாகக் கற்பிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள், கட்டணமும் குறைவு. அவர்கள் வெறும் வாக்குறுதி எழுதுவதைவிட, மேலே பார்த்த sin⁻¹ கணக்கு மாதிரி பிள்ளைகள் வழக்கமாகத் தப்புவிடும் ஒன்றை எடுத்து, தப்பு எங்கே நடக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிக்க வைப்பேன் என்று இரண்டு நிமிட வீடியோவில் காட்டலாம். கூடவே, 'இந்த ஆண்டுதான் தொடங்குகிறேன். சேரும் ஒவ்வொருவரின் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணையும் பெயர் இல்லாமல் குறித்து வருகிறேன்; மே மாதம் முழுக் கணக்கையும் இங்கேயே போடுவேன்' என்று எழுதலாம். மே மாதம் அந்தக் கணக்கு வந்திருக்கிறதா என்று அடுத்த ஆண்டு பெற்றோர் போய்ப் பார்த்துக்கொள்வார்கள்.